பொருள் வரியைத் திருத்துதல்: வடிகட்டியும் வாசகரும்



மின்னஞ்சல் எழுதும்போது மடலுக்குமேல் ஒரு சிறு கட்டத்தில் நாம் நிரப்பும் பொருள் வரியைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம். அலுவல் கடிதங்களில் 'பொருள்' என்று எழுதிப் பழகியவர்கள் நாம். ஆனால் தாளில் எழுதிய கடிதத்தில் அந்த வரி பிழையாக இருந்தாலும் கடிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேரும். மின்னஞ்சலில் அப்படியன்று. பொருள் வரி பிழைபட்டால் மடல் கண்ணிலேயே படாமல் போகலாம்.

இதை நாங்கள் பட்டறிந்துதான் கற்றுக்கொண்டோம். உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கென ஒரு பேச்சுக்கலைப் பயிலரங்கை ஏற்பாடு செய்து, பெற்றோர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். பயிலரங்கு முடிந்த பிறகு ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "உங்கள் மடலை இன்றுதான் குப்பை மடல் பெட்டியில் பார்த்தேன். என் மகள் இதற்காகத்தான் காத்திருந்தாள்" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அதே வாரம் இன்னொரு தாயார் நேரில் சொன்னது எங்களை இன்னும் ஆழமாகத் தைத்தது. "உங்கள் மடல் சரியாகவே வந்தது. ஆனால் தலைப்பைப் பார்த்ததும் ஏதோ விற்பனை என்று நினைத்து, நானே குப்பை என்று அழுத்திவிட்டேன்."

முதல் தாயாரிடம் மடலை மறித்தது இயந்திரம். இரண்டாமவரிடம் மறித்தது மனிதர். இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள் என்றே முதலில் எண்ணினோம். ஆராய்ந்து பார்த்தபோது இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று தெரிந்தது. எங்கள் பொருள் வரி இதுதான்:

அவசரம்!!! தவறவிடாதீர்கள்!!! இன்றே முந்துங்கள் – FREE WORKSHOP!!!

இந்த வரியை வடிகட்டி எவ்வாறு படிக்கிறது என்பதை முதலில் காண்போம்.

தொடக்ககால வடிகட்டிகள் விதிகளால் ஆனவை. ஸ்பேம் அசாசின் என்னும் மென்பொருள் இன்றும் பல அஞ்சல் வழங்கிகளில் இயங்குகிறது. அதில் நூற்றுக்கணக்கான விதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மடலைத் தொட்ட விதிகளின் புள்ளிகளைக் கூட்டி, கூட்டுத்தொகை 5ஐ எட்டினால் குப்பை என்று குறிப்பதே அதன் இயல்பான அமைப்பு. பொருள் வரி முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளாக இருந்தால் SUBJ_ALL_CAPS என்னும் விதி புள்ளி சேர்க்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு விதி தனியாக மடலை வீழ்த்துவது அரிது. பல சிறு குறைகள் கூடித்தான் வீழ்த்துகின்றன. ஆகவே 'இந்தச் சொல்லை எழுதினால் மடல் குப்பைக்குப் போகும்' என்று சொல்லித்தரும் பட்டியல்களை மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்த கட்டம் 2002ஆம் ஆண்டில் வந்தது. பால் கிரஹாம் என்னும் நிரலாளர், சொற்களுக்கு நாமே புள்ளி இடுவதை விட்டு, வந்த மடல்களையே எண்ணிப் பார்க்கும் முறையைக் கட்டுரையாக எழுதினார். ஒரு சொல் குப்பை மடல்களில் எத்தனை முறை வந்தது, நல்ல மடல்களில் எத்தனை முறை வந்தது என்று எண்ணினால், அச்சொல் உள்ள மடல் குப்பையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கலாம். 2003இல் எழுதிய தொடர் கட்டுரையில், தமக்கு வந்த மடல்களைக் கொண்டு அவர் கண்ட எண்கள் நமக்கு மிகவும் பயன்படுவன. இலவசம் என்று பொருள்படும் free என்னும் சொல் மடலின் உடலில் சிறிய எழுத்தில் வந்தபோது வாய்ப்பு ஏறத்தாழ 0.65. அதே சொல் FREE எனப் பெரிய எழுத்தில் பொருள் வரியில் வந்தபோது 0.9999. உடலிலேயே free!! என இரண்டு வியப்புக்குறிகளோடு வந்தபோதும் 0.9999.

இந்த எண்கள் ஒரு மனிதரின் அஞ்சற்பெட்டிக்கு உரியவை. அப்படியே எல்லார்க்கும் பொருந்தா. ஆயினும் அவை காட்டும் பாடம் தெளிவானது. சொல் மட்டும் குற்றவாளியன்று. அது நிற்கும் இடமும், உடுத்தியிருக்கும் உடையும் சேர்ந்தே ஐயத்தை உண்டாக்குகின்றன. பயிலரங்கு இலவசம் என்பதை மடலின் உள்ளே அமைதியாகச் சொன்னால் இடையூறு மிகச் சிறிது. அதையே பொருள் வரியில் கூவினால் இடையூறு பெரிது.

தமிழில் எழுதும் நமக்கு இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கிரஹாமின் முறையில், வடிகட்டி இதுவரை காணாத சொல்லுக்கு 0.4 என்னும் மதிப்பு. அதாவது கிட்டத்தட்ட நடுநிலை. மேலும், மடலின் எல்லாச் சொற்களும் கணக்கில் வருவதில்லை. நடுநிலையிலிருந்து மிக விலகி நிற்கும் 15 சொற்களே தீர்ப்பை முடிவு செய்தன. தமிழ் மடல்களே அரிதாக வரும் ஓர் அஞ்சற்பெட்டியை நினைத்துப் பாருங்கள். அங்கே 'தவறவிடாதீர்கள்', 'முந்துங்கள்' எல்லாம் அறியாத சொற்கள். அவை சாட்சி சொல்லா. சாட்சிக் கூண்டில் முதலில் ஏறுவது FREE என்னும் சொல்தான். தமிழ் வரிக்குள் நாம் விளம்பரத்துக்காகச் செருகிய ஓர் ஆங்கிலச் சொல்லே அந்த மடலின் முகமாகிவிடுகிறது.

இன்றைய பெரிய அஞ்சல் சேவைகளின் வடிகட்டிகள் இவ்விரு கட்டங்களையும் கடந்து வந்துவிட்டன. மடலில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அனுப்பியவர் யார், அவர் முன்பு அனுப்பியவற்றைப் பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் அவை நிறுத்துப் பார்க்கின்றன. பெறுநர் 'குப்பை' என்னும் பொத்தானை அழுத்துவது அவற்றுள் மிக வலிய சாட்சி. கூகுள் நிறுவனம் தன் ஜிமெயிலுக்கு மடல் அனுப்புவோர்க்கு வகுத்துள்ள விதிகளில், அவ்வாறு குப்பை எனப் புகார் செய்யப்படும் விகிதத்தை 0.1 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்கவும், 0.3 விழுக்காட்டை ஒருபோதும் எட்டவிடாமல் காக்கவும் சொல்கிறது. ஆயிரம் மடல்களுக்கு மூன்று பேர் அழுத்தினால் 0.3 விழுக்காடு ஆகிவிடும்.

இப்போது அந்த இரண்டு தாய்மாரையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாமவர் அழுத்திய பொத்தான் அவருடைய மடலோடு முடிவதில்லை. எங்கள் முகவரியின் நற்பெயரை அது குறைக்கிறது. அவ்வாறு குறைந்த நற்பெயர் முதல் தாயார் போன்றவர்களின் மடலைக் குப்பைப் பெட்டிக்குத் தள்ளுகிறது. ஒருவரை எரிச்சலூட்டும் வரி, எரிச்சலே அடையாத இன்னொருவரின் மகளைப் பயிலரங்கிலிருந்து வெளியே நிறுத்துகிறது. ஆதலால் வடிகட்டிக்காக ஒரு திருத்தம், வாசகர்க்காக மற்றொரு திருத்தம் என்று இரண்டு வேலை இல்லை. வாசகர்க்காகத் திருத்தினாலே பெரும்பாலும் வடிகட்டிக்கும் திருத்தியதாகும்.

இனி அந்த வரியைப் படிப்படியாகத் திருத்துவோம்.

முதற்படி, கூச்சலை நீக்குதல். வியப்புக்குறிகள் அனைத்தையும், ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் எடுத்துவிட்டால், 'அவசரம் தவறவிடாதீர்கள் இன்றே முந்துங்கள்' என்பது மிஞ்சுகிறது. இப்போது வரியின் வெறுமை வெளிப்படுகிறது. எதற்கு அவசரம், எதைத் தவறவிடக்கூடாது, எங்கே முந்துவது என்று எதுவுமே இல்லை. கூச்சலைக் கழித்த பின் செய்தி ஏதும் மிஞ்சாத வரி, தொடக்கத்திலேயே செய்தி இல்லாத வரி.

இரண்டாம்படி, தமிழில் வற்புறுத்தல் எங்கே குடியிருக்கிறது என்று கண்டறிதல். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து செய்யும் வேலையைத் தமிழில் பெரும்பாலும் ஏகாரம் செய்கிறது. தொல்காப்பியம் ஏகாரத்தின் பொருள்களைத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்தாக வகுக்கிறது. 'இன்றே', 'உடனே' என்பவற்றில் தேற்றமும், 'உங்களுக்கு மட்டுமே' என்பதில் பிரிநிலையும் நிற்கின்றன. உரிய இடத்தில் இவை அழகு. பொருள் வரியிலோ, முன்பின் பழகாதவர் நம் தோளைத் தட்டுவது போல் ஒலிக்கின்றன. ஏகாரத்துக்கு அடுத்தது 'தவறவிடாதீர்கள்' போன்ற எதிர்மறை ஏவல். அது வாசகரின் அச்சத்தைத் தொட்டு இழுக்கிறது. அதற்கும் அடுத்தது 'முந்துங்கள்' என்னும் நேர் ஏவல். அது மற்றப் பெற்றோர்களைப் போட்டியாளர்களாக்குகிறது. 'உங்கள்' என்னும் மரியாதை விகுதி இருப்பதால் இவை பணிவாகிவிடும் என்று எண்ணக்கூடாது. மரியாதை விகுதியோடு கட்டளையிட்டாலும் கட்டளை கட்டளைதான்.

மூன்றாம்படி, உணர்ச்சியின் இடத்தில் உண்மையை வைத்தல். அவசரம் என்று நாங்கள் எழுதியதற்குப் பின்னே ஓர் உண்மை இருந்தது. பயிலரங்கு மார்ச் 14ஆம் நாள். பதிவு மார்ச் 6ஆம் நாளோடு முடிகிறது. நாளைச் சொல்லிவிட்டால் அவசரம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவசரமா இல்லையா என்பதை வாசகர் தம் நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்துகொள்வார். அதை முடிவு செய்யும் உரிமையை வாசகரிடமிருந்து பறிப்பதைத்தான் நாம் வற்புறுத்தல் என்கிறோம். கெடு நாளை மறைப்பதும் பணிவாகாது. அறிந்திருந்தால் வந்திருக்கக்கூடியவரை அது இழக்கச் செய்யும்.

நான்காம்படி, சொல் வரிசை. எங்களில் ஒருவர் கூச்சல் நீங்கிய ஒரு வரியை இவ்வாறு எழுதினார்: 'உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்காக எங்கள் குழுவினர் மார்ச் 14ஆம் நாள் நடத்தவிருக்கும் பேச்சுக்கலைப் பயிலரங்குக்குப் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.' இலக்கணம் சரி, பணிவும் உண்டு. ஆனால் கைப்பேசியில் பொருள் வரியின் முன்பகுதி மட்டுமே தெரியும். தமிழ்த் தொடரில் அடைகள் முன்னே வரும்; எழுவாயும் செயப்படுபொருளும் தம் அடைகளுக்குப் பின்னே நிற்கும்; வினைமுற்று கடைசியில் வரும். ஆகவே திரையில் 'உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்காக எங்கள் குழு' என்பதோடு வரி அறுந்துவிட்டது. முக்கியமான சொல் திரைக்கு வெளியே போய்விட்டது. பொருள் வரி முழு வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை. பெயர்ச்சொல்லை முன்னே நிறுத்தி, வினைமுற்றை விட்டுவிடலாம். அலுவல் கடிதத்தின் பொருள் வரியில் நாம் காலங்காலமாகச் செய்துவருவதும் அதுவே.

இவ்வாறு நாங்கள் வந்து சேர்ந்த வரி:

பேச்சுக்கலைப் பயிலரங்கு, மார்ச் 14: பதிவு மார்ச் 6 வரை

எது, எப்போது, எதுவரை என்னும் மூன்றும் இதில் உள்ளன. இலவசம் என்பதையும் இடத்தையும் மடலின் முதற்பத்தியில் சொன்னோம். வரி அறுந்தாலும், அறுவதற்கு முன் பயிலரங்கின் பெயர் வந்துவிடுகிறது.

அடுத்து, நினைவூட்டல் மடல். எங்கள் இரண்டாம் பிழை இங்கேதான் நேர்ந்தது. அந்த மடலின் பொருள் வரி, 'கடைசி நினைவூட்டல்: இன்னும் பதிவு செய்யவில்லையா?' என்பது. இதில் வியப்புக்குறி இல்லை, பெரிய எழுத்தும் இல்லை. எந்த விதியும் இதைத் தொடாது. ஆயினும் இது முதல் வரியைவிடக் கடுமையானது. 'செய்யவில்லையா' என்பது விடையை நாடும் வினாவன்று. வினா வடிவில் வந்த குற்றச்சாட்டு. போதாக்குறைக்கு, ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கும் இதை அனுப்பிவிட்டோம். கடமையை முடித்தவரைப் பார்த்து 'முடிக்கவில்லையா' என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்? தம் பதிவு தொலைந்துவிட்டதோ என்று சிலர் கலங்கி எழுதினார்கள்.

இந்த வரியைச் சொல்லளவில் திருத்திப் பயனில்லை. அனுப்பும் பட்டியலையே பிரிக்க வேண்டும். பதிவு செய்யாதவர்களுக்கு 'பேச்சுக்கலைப் பயிலரங்கு: பதிவு நாளையுடன் நிறைவு' என்ற வரி. பதிவு செய்தவர்களுக்கு 'பதிவு உறுதி: பேச்சுக்கலைப் பயிலரங்கு, மார்ச் 14' என்ற வரி. 'கடைசி' என்ற சொல்லையும் விட்டுவிட்டோம். அச்சொல்லை எழுதிய பிறகு மறுபடியும் ஒரு மடல் அனுப்ப நேர்ந்தால், முன்பு எழுதியது பொய்யாகிவிடும். அதற்குப் பின் நாம் சொல்லும் கெடுவை எவரும் நம்பமாட்டார்.

பொய்யைப் பற்றிப் பேசுகையில் ஒரு குறுக்குவழியையும் சொல்லியாக வேண்டும். பொருள் வரியின் முன்னே Re: என்று சேர்த்தால், முன்பே நடந்த உரையாடலின் தொடர்ச்சி என எண்ணி வாசகர் திறப்பார் என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. திறப்பார், திறந்ததும் ஏமாற்றப்பட்டதை உணர்வார். வடிகட்டியும் இதை அறியவல்லது. உண்மையான மறுமொழியின் தலைப்பகுதியில் எந்த மடலுக்கு மறுமொழி என்பதைச் சொல்லும் In-Reply-To, References என்னும் வரிகள் இருக்கும்; போலி மறுமொழியில் அவை இரா. சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டின் குப்பை மடல் கட்டுப்பாட்டுச் சட்டமும் பொருள் வரியைப் பற்றிப் பேசுகிறது. கேட்காதவர்களுக்குத் திரளாக அனுப்பப்படும் வணிக மடலின் பொருள் வரி, உள்ளே இருப்பதைப் பற்றித் தவறான எண்ணம் தரக்கூடாது. அதன் முன்னே <ADV> என்னும் குறியும் இருக்க வேண்டும். ஒரே செய்தியை 24 மணி நேரத்தில் 100க்கு மேல் அனுப்பினாலே அது திரளாக அனுப்பியதாகும். கட்டண வகுப்பு நடத்துவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இறுதியாக, பொருள் வரியைச் செப்பனிட்ட பின்னும் மடல் குப்பைப் பெட்டிக்கே போனால் என்ன செய்வது? காரணம் வேறிடத்தில் இருக்கக்கூடும். அதை அறிய எளிய வழி உண்டு. வெவ்வேறு சேவைகளில் உள்ள நம் சொந்த முகவரிகள் சிலவற்றுக்கு, 'பயிலரங்கு விவரம்' போன்ற மிக எளிய பொருள் வரியோடு அதே மடலை அனுப்பிப் பார்க்கலாம். அப்போதும் குப்பைக்குப் போனால் குற்றம் பொருள் வரியினுடையதன்று. ஜிமெயிலில் அம்மடலைத் திறந்து Show original என்பதை அழுத்தினால், SPF, DKIM, DMARC என மூன்று வரிகள் தெரியும். இந்த முகவரியிலிருந்து அனுப்பும் உரிமை அனுப்பியவர்க்கு உண்டா என்று சரிபார்த்ததன் விடைகள் அவை. அங்கே PASS என்று இல்லாவிட்டால், முகவரியை நிருவகிப்பவரிடம் சொல்லித் திருத்த வேண்டும். எவ்வளவு நல்ல தமிழும் அக்குறையை ஈடு செய்யாது. இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு: நம் சொந்தப் பெட்டி நம் மடல்களுக்குப் பழகியது. அங்கே நன்றாக வந்து சேர்ந்தது என்பதால் எல்லாரிடமும் சேரும் என்று உறுதி கொள்ளலாகாது.

நிரல் எழுதி மடல் அனுப்பும் மாணவர்களுக்கு ஒரு சொல். பொதுவான அஞ்சல் மரபில், தமிழ்ப் பொருள் வரி தமிழ் எழுத்தாகவே பயணம் செய்வதில்லை. குறியீடாக மாற்றப்பட்டே போகிறது. 'தமிழ்' என்று மட்டும் எழுதினால் அது இப்படிப் போகும்:

```
Subject: =?UTF-8?B?4K6k4K6u4K6/4K604K+N?=
```

த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள்; ஒவ்வொன்றும் நான்கு எழுத்துகளாகி, நடுவில் இருபது எழுத்துகள் நிற்பதை எண்ணிப் பார்க்கலாம். அஞ்சல் செயலிகள் இந்த மாற்றத்தைத் தாமே செய்கின்றன. நாமே எழுதும் நிரல் அதைச் செய்ய மறந்தால், பொருள் வரி சிதைந்து தெரியலாம். ஸ்பேம் அசாசினில் அதற்கென்றே SUBJ_ILLEGAL_CHARS என்னும் விதியும் உண்டு. தமிழில் எழுதியதால் மடல் தண்டிக்கப்பட்டது என்று நாம் நொந்துகொள்ளும்போது, உண்மையில் தண்டிக்கப்பட்டது இந்தக் குறியீட்டுப் பிழையாக இருக்கலாம்.

ஆசிரியர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. மின்னஞ்சல் எழுதக் கற்பிக்கும்போது உடலுக்கு ஒதுக்கும் நேரத்தில் சிறிது பொருள் வரிக்கும் ஒதுக்குங்கள். முதலில் மடலை எழுதச் சொல்லுங்கள். பொருள் வரியை இறுதியில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய வரியைப் பக்கத்து மாணவரிடம் காட்டி, 'இம்மடலில் என்ன இருக்கும்?' என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் விடையும் மடலில் உள்ளதும் ஒன்றாக இருந்தால் வரி நன்று. இல்லையேல் திருத்தட்டும்.

அடுத்த ஆண்டுப் பயிலரங்குக்கான மடலை எழுதியபோது நாங்களும் அப்படியே செய்தோம். அதை அனுப்புவதற்கு முன், மகளுக்காகக் காத்திருந்த அந்தத் தாயாரையே அழைத்துப் பொருள் வரியைப் படித்துக் காட்டினோம். "எப்போது, எதுவரை என்று தெரிகிறது, போதும்" என்றார். அவர் மகளின் பதிவு அன்று மாலையே வந்தது.